நானூத்திப் பன்னண்டாவது லெவல்

எங்க ஊட்டுக்காரரு போயலை போடறவருங்கறது கல்யாணமான மறுநாள் காத்தாலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தலகாணி உறையில பழுப்பா ஒரு வட்டம். காப்பி சிந்திருச்சாக்கும்னு மோந்து பார்த்தேன். அந்த நாத்தம் இருபத்தேழு வருசமாகியும் என் மூக்கை விட்டுப் போகல. கொல்லைப்பக்கச் செவுரு, பாத்ரூம் மூலை, எஸ்டேட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போற செருப்போட ஓரம்னு எங்க பார்த்தாலும் அதே பழுப்பு. கட்டிலுக்கடியில பழைய பெயிண்ட் டப்பா ஒண்ணு, துப்பறதுக்கு. அதைக் கழுவறது என் வேலை. கழுவுன கையில சோறு பெசைய முடியாம கரண்டியால தின்ன நாளெல்லாம் உண்டு.

போன வருசம் சாப்பிடறப்ப கன்னத்துக்குள்ள எரியுதுன்னாரு. காரம் போட்டாலே எரிச்சல். சேலத்துல பல் டாக்டரம்மாகிட்டக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவங்க டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு என்னையும் குனிஞ்சு பார்க்கச் சொன்னாங்க. இடது கன்னத்துக்குள்ள, போயலை அடக்கி வெக்கற எடத்துல, கட்டை வெரல் அகலத்துக்கு வெள்ளையா ஒரு படை. "இது இன்னும் கேன்சர் இல்ல. போயலைய விட்டீங்கன்னா சுருங்கலாம். விடலைன்னா எப்படிப் போகும்னு நான் சொல்ல மாட்டேன்"னாங்க. நாலு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க. அப்பவும் சுருங்கலைன்னா சதையை வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணுமாம்.

அன்னைக்கு ஏற்காட்டு மலையேறி வர்ற பஸ்ஸுல அடிவாரம் தாண்டுனதும் போயலைப் பாக்கெட்டை வெளிய எடுத்தாரு. எடுத்துக் கையில வெச்சுக்கிட்டே இருந்தாரு. இருபது கொண்டை ஊசி வளைவும் முடியற வரைக்கும் போடல. எறங்குனதும் என் கையில குடுத்துட்டு, "தூக்கிப் போடு புள்ள"ன்னாரு. அத்தனை வருசத்துல அவரு செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அதுதான்னு மனசுக்குள்ள நெனச்சேன்.

போயலைய விடறது சும்மாவா. முதல் ஒரு வாரம் ஊட்டுல மனுசங்க இருக்க முடியல. கை நடுங்கும், வாய் மென்னுக்கிட்டே இருக்கும், சோத்துல உப்பில்லைன்னு தட்டை நகர்த்துவாரு. அப்பத்தான் அவரு போன்ல இருந்த ஒரு கேம் கையில மாட்டுச்சு. அதை யார் ஏத்துனாங்களோ தெரியாது. கீழ இருந்து கலர்ப் பந்தைச் சுடணும், ஒரே கலர்ல மூணு சேர்ந்தா வெடிக்கும், எல்லாம் தீர்ந்தா அடுத்த லெவல். அவ்வளவுதான். மூணு வயசுக் கொழந்தைங்க ஆடறது. பந்து வெடிக்கறப்ப 'புளிச்'னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அப்படியே டப்பாவுல துப்பற சத்தம். எனக்கு ஒடம்பெல்லாம் கூசும். போயலை போயும் அந்தச் சத்தம் ஊட்டை விட்டுப் போகலியேன்னு பல்லைக் கடிச்சுக்குவேன். ஆனா கட்டை வெரலு வேலை செஞ்சா வாய் சும்மா இருந்துச்சு. அதனால விட்டுட்டேன். எஸ்டேட்டுல காப்பிச் செடிக்கு நடுவுலயும் மத்தியானச் சோத்து நேரத்துல அதைத்தான் ஆடிக்கிட்டு இருந்தாருன்னு கூட வேலை செய்யறவங்க சிரிச்சாங்க.

இப்படி ரெண்டு மாசம் தாண்டுச்சு. அப்பறம் கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. அவரோட தங்கச்சியைக் கட்டிக் குடுத்தது அந்தமான்ல. அவ மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் போய்ச் சீர் வெக்காம பொண்ணு மணையில ஒக்காராது. போகாம இருக்க முடியாது. பிளேன்ல போலாம்னேன். "கால் தரையில இல்லாத வண்டியில நான் ஏற மாட்டேன்"னாரு. கப்பல்ல மட்டும் கால் தரையிலயா இருக்குதுன்னு கேட்டேன். சென்னையில இருந்து கப்பல்ல மூணு நாள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் போன்ல டவரே இருக்காதுன்னு தங்கச்சி முன்னாடியே சொல்லிட்டா.

மூணு நாள், வேலை இல்ல, நடக்க எடமில்ல, சுத்தியும் மென்னுக்கிட்டு ஒக்காந்திருக்கற ஆம்பளைங்க. இவரு கை சும்மா இருக்கும். சும்மா இருந்தா எங்க போகும்னு எனக்குத் தெரியாதா. அந்தமான்ல எறங்கறப்ப இந்த மனுசன் கன்னம் உப்பி இருந்துச்சுன்னா, ரெண்டு மாசம் பட்டதெல்லாம் கடல்ல கரைச்ச பெருங்காயந்தான்.

அதனால கெளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அவரு போனைப் புடுங்கிக்கிட்டு ஒண்டிக்கடை பஜாருக்குப் போனேன். அங்க மொபைல் கடை வெச்சிருக்கற பொண்ணு கெட்டிக்காரி, கொஞ்சம் வாயாடி. விசயத்தைச் சொன்னேன். "மூணு நாள் நெட்வொர்க் இல்லாத எடத்துக்குப் போறோம் கண்ணு. நல்ல கேமா நாலஞ்சு ஏத்திக் குடு"ன்னேன்.

"அக்கா, ஆஃப்லைன்னு பேர் போட்டிருக்கறதெல்லாம் ஆஃப்லைன் இல்லீங்க"ன்னு ஆரம்பிச்சா. ஏத்துனா மட்டும் பத்தாதாம். நெட் இருக்கறப்பவே ஒவ்வொண்ணையும் ஒருதரம் தெறந்து ரெண்டு ஆட்டம் ஆடணுமாம். ஏன்னா பாதி கேமுங்க தெறந்ததுக்கு அப்பறந்தான் மிச்சச் சாமானை எறக்குமாம். லாகின் கேக்கறது, இன்னைக்குப் பரிசு வாங்கிக்கோன்னு கூவறது, இதெல்லாம் நடுவழியில காலை வாரி விட்டுருமாம். எல்லாம் ஆடிப் பார்த்ததும் ஃபிளைட் மோடு போட்டு, வைஃபையும் தனியா அணைச்சு, திரும்ப ஒவ்வொண்ணா தெறந்து பார்க்கணும். அப்பத் தெறக்கறதுதான் கடல்லயும் தெறக்கும். பவர் பேங்க் ஒண்ணு நெறைய சார்ஜ் போட்டு வெச்சுக்கோங்க, வெளிச்சத்தைக் கொறைச்சு வெச்சு ஆடச் சொல்லுங்கன்னும் சொன்னா.

இதெல்லாம் எனக்கு எதுக்குடின்னு ஆயிருச்சு. "கண்ணு, எங்க ஊடு கரடியூர்ல. மழை பேஞ்சாலும் வெயிலடிச்சாலும் அங்க டவரு ஒரு கோடு கூட வராது. ஒரு போன் பேசணும்னா வியூ பாயிண்டுக்கு நடக்கணும். ஊட்டுல போய்த் தெறந்து பார்த்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது. பிளேனும் வேண்டாம் ரயிலும் வேண்டாம்"னேன். அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. "செரிங்க்கா. ஆனா ஃபிளைட் மோடு போட்டே பாருங்க"ன்னா. மலைமேல இருக்கறவளுக்கு டவர் இல்லாதது எப்படி இருக்கும்னு பாடம் எடுக்கறியான்னு எனக்குக் கோவம்.

லூடோ, கேரம், கார் ஓட்டறது, வார்த்தை கண்டுபுடிக்கறது, தோட்டம் போட்டு வெவசாயம் பண்ணறது, ஒத்த ஆள் ஆடற சீட்டு. ஆறு ஏத்த ஆரம்பிச்சா. அஞ்சாவதுலயே எடம் பத்தலைன்னு வந்துருச்சு. எதையாவது அழிக்கணும்னா. போட்டோவெல்லாம் தங்கச்சி கொழந்தைங்க மொகம், மனசு வரல. அப்பத்தான் அந்தப் பந்து கேம் கண்ணுல பட்டுச்சு. புளிச் புளிச்சுன்னு ரெண்டு மாசமா என் உசுரை வாங்குன சனியன். பழசு, அசிங்கமா ஒரு பொம்மைப் படம் வேற. "இதைத் தூக்கு"ன்னேன். "அங்கிள் ஆடறதாங்க்கா?"ன்னு கேட்டா. "அதைவிட ஒசத்தியா ஆறு வெச்சிருக்கேன், தூக்கு"ன்னு நானே என் வெரலால அழுத்தி அழிச்சேன். என் வெரலாலதாங்க.

ஊட்டுக்கு வந்து சமையக்கட்டுக்குப் பொறத்தால ஒக்காந்து தெறந்து பார்த்தேன். மேல டவர்க் கோடு ஒண்ணுமில்ல. ஆறும் தெறந்துச்சு. லூடோவுல பகடை உருண்டுச்சு, கேரத்துல காய் விழுந்துச்சு, தோட்டத்துல தக்காளி காய்ச்சுச்சு. பாத்தியா எங்க ஊரு சோதனையைன்னு எனக்குள்ள ஒரே பெருமை. அவரு போனை வாங்கித் தேடிப் பார்த்துட்டு, "பந்து எங்க புள்ள?"ன்னாரு. "அழிச்சுட்டேனுங்க. அதைவிட நல்லது ஆறு இருக்குது"ன்னேன். போனைக் கட்டில்மேல வெச்சுட்டு, சீர் சாமான் கட்டற வேலையைப் பார்க்கப் போயிட்டாரு. பேசாத மனுசன் பேசலைன்னு நானும் கண்டுக்கல.

சென்னை போற வரைக்கும் ரயில்ல டவர் வந்து போய்க்கிட்டு இருந்துச்சு, லூடோ ஆடுனாரு. கப்பல் ஏறுனோம். எங்களுக்குக் கீழ்த் தட்டு, இரும்புக் கட்டில் மூணு அடுக்கா வரிசை வரிசையா. டீசல் நாத்தம், ஈரத்துணி நாத்தம். கப்பல் ஆட ஆரம்பிச்சதும் எதிர்க் கட்டில்காரங்க வாந்தியெடுத்தாங்க, அதைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில், அதைப் பார்த்து நான். ஏற்காட்டு மலையில டூரிஸ்டுங்க பஸ்ஸுல இருந்து எட்டி எட்டி வாந்தியெடுக்கறதைப் பார்த்து வாய்க்கு வந்தபடி பேசுனவ நான். அன்னைக்கு ஒரு பாலித்தீன் பையைப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்.

கரை மறைஞ்சு ரெண்டு மூணு மணி நேரத்துல டவர் செத்துப் போச்சு. அவரு லூடோவைத் தெறந்தாரு. 'இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்'னு ஒரு கட்டம். அதை மூடுனா திரும்ப அதே கட்டம். கேரத்தைத் தெறந்தாரு. ஒரு வட்டம் சுத்துச்சு, சுத்துச்சு, சுத்திக்கிட்டே இருந்துச்சு. வார்த்தை கேமுல இன்னைக்குப் புதிர் வரலைன்னுது. காரு ஒரு ரோடு மட்டும் ஓடுச்சு, அடுத்த ரோட்டை எறக்கணுமாம். தோட்டம் தெறக்கவே இல்ல. சீட்டு மட்டும் நல்லாத் தெறந்துச்சு. ஆனா இவருக்குச் சீட்டுன்னாலே ஆகாது. ராஜா எது ராணி எதுன்னு கூடத் தெரியாது. ரெண்டு தரம் தடவிப் பார்த்துட்டு வெச்சுட்டாரு.

"நம்மூட்டுல தெறந்துச்சேங்க"ன்னேன். அவரு சும்மா போனோட மேல் ஓரத்தைக் காட்டுனாரு. "அங்க இந்த எடத்துல விசிறியாட்டம் ஒண்ணு இருக்குமே, அது இங்க இல்ல"ன்னாரு. அப்பத்தான் எனக்கு மண்டையில ஒறச்சுது. எங்க ஊட்டுக்குப் பொறத்தால இருக்கற ஹோம்ஸ்டேவுல நான் சமையலுக்குப் போறேன், அவரு சாயங்காலம் வெறகு போட்டுக் குடுக்கப் போவாரு. ஆளைக் கூப்படறதுக்குத் தோதா இருக்கட்டும்னு மொதலாளி எங்க ரெண்டு பேர் போன்லயும் வைஃபை பாஸ்வேர்டு போட்டு வெச்சிருந்தாரு. அது எங்க சமையக்கட்டுப் பொறத்தால வரைக்கும் தானா வந்து ஒட்டிக்கும். எங்க ஊர்க்காரங்களுக்கு நெட்வொர்க்குன்னா டவர்க் கோடு மட்டுந்தான். கோடு இல்லைன்னா ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சுக்குவோம். அந்த வைஃபை விசிறியை நான் ஒரு நாளும் ஏறெடுத்துப் பார்த்ததில்ல. கடைக்காரப் பொண்ணு பிளேனையும் போடு, வைஃபையும் அணைன்னு தலையால அடிச்சுக்கிட்டதுக்குக் காரணம் இதுதான். எனக்கு என்மேலயே அப்படி ஒரு அருவருப்பு வந்துச்சு. வாந்தி நாத்தத்தைவிட அது மோசம்.

ரெண்டாம் நாள் காத்தால இருந்தே அவரு கை நடுங்க ஆரம்பிச்சுருச்சு. கட்டில்ல படுப்பாரு, எந்திரிப்பாரு, படிக்கட்டு வரைக்கும் நடப்பாரு, வருவாரு. எதிர்க் கட்டில்ல ஒரு ஆளு, எங்களை மாதிரியே கல்யாணத்துக்குப் போறவரு, நல்ல மனுசந்தான். ஆனா வாய் நெறைய அதே சரக்கு. தண்ணி பாட்டலுக்குள்ள துப்பித் துப்பி மூடி வெப்பாரு. அந்தப் பாட்டல் கப்பல் ஆட்டத்துக்கு என் கால்மாட்டுல உருண்டு உருண்டு வரும். நான் அதை எட்டி ஒதைப்பேன். மத்தியானம் எனக்குக் கண்ணைக் கட்டிருச்சு, தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா ரெண்டு கட்டிலும் காலி.

மேல் தட்டுக்கு ஏறிப் போனேன். கம்பியைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் நின்னுக்கிட்டு இருந்தாங்க. இவரு திரும்புனாரு. இடது கன்னம் உப்பி இருந்துச்சு.

எனக்கு என்ன வந்துச்சோ தெரியல. நாலு பேர் நிக்கறாங்கன்னு கூடப் பார்க்கல. "த்தூ. உங்களுக்கெல்லாம் சோறு எதுக்குங்க, அதையே தின்னுங்க. கன்னம் அழுகிப் போனப்பறம் அந்த டப்பாவையும் என்னையவே கழுவச் சொல்லுங்க. ரெண்டு மாசமா நான் பட்ட பாட்டுக்கு ஒரு மரியாதை இருக்குதா? வெக்கமா இல்ல?"ன்னு கத்துனேன். பாட்டல்காரரு மெதுவா நழுவிட்டாரு. இவரு கம்பிக்கு வெளிய தலையை நீட்டி எல்லாத்தையும் துப்புனாரு. வாயைத் தொடைச்சாரு. என்னைத் திட்டுவாருன்னு பார்த்தேன். திட்டுனாக்கூடத் தேவலையா இருந்திருக்கும்.

"அந்தப் பந்தை ஏம் புள்ள அழிச்ச?"ன்னாரு.

"இப்ப அது பேச்சா?"ன்னேன்.

"நானூத்திப் பன்னண்டுல இருந்தேன்"னாரு. எனக்குப் புரியல. கடலைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு. போயலை போடணும்னு தோணறப்பெல்லாம் ஒரு லெவல் முடிக்கறதுன்னு அவராவே வெச்சுக்கிட்டாராம். சும்மா நேரம் போக்கறதுக்கு ஒரு நாளும் தெறந்ததில்லையாம். தோணுச்சுன்னாத்தான் தெறப்பாராம். ஒரு லெவல் முடியறதுக்குள்ள அந்த வெறி எறங்கிருமாம். "நானூத்திப் பன்னண்டு தரம் போடாம இருந்திருக்கேன் புள்ள. தெறந்தா நம்பர் மேல தெரியும். இத்தனை தரம் முடிஞ்சுது, இதுவும் முடியும்னு தோணும். அது போனப்பறம் எத்தனைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"னாரு.

எஸ்டேட்டுல, டவரும் இல்லாம வைஃபையும் இல்லாம, காப்பிச் செடிக்கு நடுவுல ரெண்டு மாசம் தெறந்த கேம் அது ஒண்ணுதான். கடல்ல தெறக்குமான்னு அவரு என்னைக்கோ சோதிச்சு முடிச்சிருந்தாரு. நெசமாப் பாஸான ஒண்ணை அழிச்சுட்டு, ஃபெயிலாப் போன அஞ்சை ஏத்திக்கிட்டுப் போனவ நான். சத்தம் புடிக்கலைன்னு. அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்காம.

மிச்சம் ஒண்ணரை நாள் அவரு கையை என் கையிலயே வெச்சிருந்தேன். கல்யாணமான புதுசுலகூட நாங்க அப்படி ஒக்காந்ததில்ல. நடுங்கறப்பெல்லாம் அழுத்திப் புடிப்பேன். பாட்டல்காரரு அதுக்கப்பறம் எங்க பக்கமே வரல. துப்பறதுக்கு மேல் தட்டுக்குப் போயிட்டு வந்தாரு.

அந்தமான்ல சீர் வெச்சோம், கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. திரும்பி வர்றதுக்கு முந்தின நாள் தங்கச்சி ஊட்டுல நெட் போட்டு அந்தப் பந்து கேமை நானே ஏத்துனேன். பழைய நம்பர் வருமான்னு பார்த்தேன். வரல. லாகின் ஒண்ணும் போடாத கேம், போன்ல இருந்த கணக்கு போன்லயே போயிருச்சு. நெட்டோட தெறந்து மூணு தரம் ஆடுனேன். அப்பறம் ஃபிளைட் மோடு போட்டேன், வைஃபையை அணைச்சேன், விசிறி போச்சான்னு ரெண்டு தரம் பார்த்தேன், திரும்பத் தெறந்தேன். புளிச்னுச்சு. நான் ஆடுன மூணு லெவல் அவரு கணக்குல சேரக் கூடாதுன்னு அதை அழிச்சுட்டுத் திரும்ப முதல்ல இருந்து ஏத்தி, தெறந்து மட்டும் பார்த்து, ஃபிளைட் மோடுல இன்னொருதரம் தெறந்து பார்த்துட்டு, 'ஒண்ணு'ன்னு இருக்கறப்பவே குடுத்தேன். அவரு அந்த ஒண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாரு. "செரி"ன்னாரு.

இப்ப யாராச்சும் நீளமாப் பயணம் போறோம், எந்த கேம் நல்லதுன்னு கேட்டா எனக்குக் கோவந்தான் வருது. சின்னதா இருக்கணும், லாகின் கேக்கக் கூடாது, தெனமும் பரிசு தர்றேன்னு பல்லைக் காட்டக் கூடாது. நெட்டை மொத்தமா அணைச்சுத் தெறந்து பார்க்கணும். அதுக்கெல்லாம் மேல, போற ஆளுகிட்டயே நீ எதை ஆடறேன்னு கேக்கணும்னு சொல்லிருவேன்.

நாலு மாசம் முடிஞ்சு டாக்டரம்மாவைப் பார்த்தோம். படை சுருங்கியிருக்குது, இன்னும் போகல, இதே மாதிரி இருங்கன்னாங்க. கப்பல்ல ஒருதரம் போட்டதை அவரே சொல்லிட்டாரு. நான் சொல்றதுக்கு முன்னாடியே.

அந்தச் சத்தம் இன்னமும் எனக்குப் புடிக்கல. ராவும் பகலும் புளிச் புளிச்சுன்னு, கேட்டா குமட்டுது. சத்தத்தை அணைக்கற பொத்தான் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். தொட மாட்டேன். சத்தம் வர்றப்பெல்லாம் எட்டி நம்பரை மட்டும் பார்த்துக்குவேன். இன்னைக்குக் காத்தால எஸ்டேட்டுக்குக் கெளம்பறப்பப் பார்த்தேன். நானூத்திப் பதிமூணு.